மூன்று நிமிடப் படிச் சோதனை: மலையில் வாழ்பவர்கள் வீட்டிலேயே நாடி எண்ணி உடல்திறனைப் பின்தொடரும் முறை

உடல்திறனை அளக்க ஊரறிந்த வழி ஓடிப் பார்ப்பதுதான். கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர் 1968-இல் வெளியிட்ட பன்னிரண்டு நிமிட ஓட்டத்தைப் பல பள்ளிகளில் இன்றும் வைக்கிறார்கள். ஆனால் அதற்குச் சமதளம் வேண்டும். கோத்தகிரியில் வீட்டைவிட்டு இறங்கினால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி ஓடலாம் என்றால் சீசனில் கூட்டம், மற்ற மாதங்களில் மழை. மாதத்துக்கு இரண்டு முறை, ஒரே தளத்தில், ஒரே நிலைமையில் ஓடிப் பார்ப்பது மலையில் நடக்காத காரியம். அதனால்தான் வீட்டுக்குள்ளேயே ஒரு படியில் ஏறி இறங்கி, பிறகு உட்கார்ந்து நாடியை எண்ணும் சோதனையை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். வேண்டியது ஒரு படி, ஒரு கைப்பேசி, ஒரு நோட்டு.

இதன் மூத்த வடிவம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சோர்வு ஆய்வகத்தில் பிறந்தது. லூசியன் புரூகா 1943-இல் வெளியிட்ட அந்த முறையில் படி 20 அங்குலம், நிமிடத்துக்கு 30 முறை, மொத்தம் ஐந்து நிமிடம். கல்லூரி வயது இளைஞர்களுக்கே மூச்சு வாங்கும். நான் இங்கே சொல்வது ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடங்கள் வழியாகப் பரவிய எளிய வடிவம்: 12 அங்குலப் படி, நிமிடத்துக்கு 24 முறை, மூன்று நிமிடம். முடிந்ததும் உட்கார்ந்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ண வேண்டும். கிடைக்கும் அந்த ஒரே எண்தான் முடிவு.

## அந்த எண் எதைச் சொல்கிறது

வேலை செய்யும்போது இதயத்தை வேகப்படுத்தும் நரம்புகள் ஓங்கி நிற்கின்றன. அதை அடக்கும் வேகஸ் நரம்பு விலகியிருக்கிறது. வேலை நின்றதும் முதலில் திரும்புவது வேகஸ்தான், பிரேக்கில் கால் வைப்பதுபோல. முதல் அரை நிமிடத்தில் துடிப்பு சட்டென்று விழுவது பெரும்பாலும் அதனால். அதன் பிறகு வேகப்படுத்தும் நரம்புகள் மெல்லத் தளர்கின்றன, தசையில் சேர்ந்த கழிவுகள் நீங்குகின்றன, துடிப்பும் மெதுவாக இறங்குகிறது.

உங்கள் ஒரு நிமிட எண்ணில் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. ஏறி முடிக்கும்போது துடிப்பு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பது ஒன்று. அங்கிருந்து எவ்வளவு வேகமாக இறங்கியது என்பது இன்னொன்று. பயிற்சி செய்தவருக்கு இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் அதிகம். அதே வேலைக்குக் குறைந்த துடிப்பே போதும், இறக்கமும் விரைவு. இரண்டும் எண்ணைக் குறைக்கின்றன. மாதக்கணக்கில் எண் குறைந்து வந்தால் உங்கள் இதயமும் தசைகளும் அதே வேலையைச் சுலபமாகச் செய்யப் பழகிவிட்டன என்று பொருள்.

வயதுவாரியாக 'நன்று', 'சுமார்' என்று போட்ட அட்டவணைகள் இந்தச் சோதனைக்கு உண்டு. மலையில் இருப்பவர்கள் அவற்றைத் தொடவேண்டாம் என்பது என் கருத்து. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,130 மீட்டரில். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுத்தான் மேல். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைவதால் அதே படியை அதே வேகத்தில் ஏற இதயம் கூடுதலாக அடிக்கிறது. தாழ்வான ஊர்களில் அளந்து தயாரித்த அட்டவணையில் உங்கள் எண்ணைத் தேடினால், நல்ல உடல்திறன் உள்ளவரும் தன்னை மோசமென்று நினைத்துக்கொள்வார். படியின் உயரம் மாறினாலும் அட்டவணை பொருந்தாது. உங்கள் எண்ணை உங்கள் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

## யார் செய்யக்கூடாது

இதய நோய் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மூட்டுத் தேய்மானத்தால் படி ஏறவே வலிப்பவர்கள், நாடி தாறுமாறாகத் துடிப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. இது லேசான வேலையும் இல்லை. 12 அங்குலப் படியில் மூன்று நிமிடத்தில் 72 முறை ஏறுகிறீர்கள். சேர்த்தால் சுமார் 22 மீட்டர், அதாவது ஏழு மாடி. சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் பிராணவாயுவைப்போல ஏழு மடங்குக்குமேல் ஆகும். 8 அங்குலப் படி என்றால் அது ஐந்தரை மடங்கு அளவுக்கு இறங்கிவிடும்.

ஐம்பதைத் தாண்டியவர்கள், நெடுநாளாக எந்தப் பயிற்சியும் இல்லாதவர்கள், உயரம் குறைந்தவர்கள் 8 அங்குலத்தில் தொடங்குவதே சரி. உயரம் குறைந்தவர்களுக்கு ஓர் அடையாளம் உண்டு. படியில் பாதம் வைத்து நிற்கும்போது முழங்கால் செங்கோணத்துக்குமேல் மடங்கினால் அந்தப் படி உங்களுக்கு உயரம்.

முதல் சில தடவை வீட்டில் யாராவது கூட இருக்கட்டும். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், கண் இருட்டுதல், ஒரு சிறு வாக்கியம்கூடப் பேச முடியாத மூச்சிரைப்பு, இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வெறும் மூச்சிரைப்பு என்றால் அடுத்த முறை படியைத் தாழ்த்தலாம். நெஞ்சு அழுத்தமும் மயக்கமும் வந்தால் சோதனையை மறந்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

## படி

வாசல்படியிலேயே செய்துவிடலாம் என்று தோன்றும். எங்கள் பக்கத்து வீடுகளில் அது சரிவராது. தென்மேற்குப் பருவமழையில் வெளிப்படியில் பாசி பிடித்து வழுக்கும். பனிக்காலக் காலையில் படி ஈரமாகவே கிடக்கும். தவிர, பழைய வீட்டின் படிகளில் ஒன்று ஆறு அங்குலம் இருக்கும், அடுத்தது எட்டு இருக்கும்.

கட்டடத்துக்கு வாங்கும் சிமெண்ட் கல்லே நல்ல படி. 16 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 8 அங்குல உயரமுள்ள சாலிட் கல் இரண்டை நீளப் பக்கங்கள் ஒட்டும்படி வைத்தால் 16-க்கு 16 அங்குல மேடை கிடைக்கும். அதன்மேல் 4 அங்குலக் கல் இரண்டைப் படுக்கவைத்தால் உயரம் 12 அங்குலம். மேல் கற்களைக் கீழ்க் கற்களுக்குக் குறுக்காக வைத்தால் நகராது. மேடையின் ஒரு பக்கம் சுவரை ஒட்டியிருக்கட்டும், அடியில் சாக்கு விரியுங்கள். 8 அங்குலமே போதும் என்பவர்கள் கீழ் வரிசையோடு நிறுத்திக்கொள்ளலாம். பிளாஸ்டிக் முக்காலி, கவிழ்த்த தேயிலைக் கூடை, தலையணை போட்ட பெட்டி எதுவும் வேண்டாம். மிதிக்கும்போது அமுங்கும் எதுவும் உயரத்தை மாற்றுகிறது, காலையும் வாருகிறது.

வைத்த பிறகு டேப்பால் அளந்து, உயரத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கற்களை எடுத்து வேறெங்காவது பயன்படுத்தினால், திரும்ப அடுக்கும்போது மறுபடி அளக்க வேண்டும்.

## தாளம்

தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலிகள் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும். ஏதாவது ஒன்றை இறக்கி 96 BPM, அதாவது நிமிடத்துக்கு 96 தட்டு, என்று வையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பாதம்: வலது மேலே, இடது மேலே, வலது கீழே, இடது கீழே. நான்கு தட்டுக்கு ஒரு முழுச் சுற்று. நிமிடத்துக்கு 24 சுற்று வரும்.

ஒன்றரை நிமிடத்தில் முன்கால் மாற்றிக்கொள்ளலாம், தொடை ஒருபக்கமாகச் சோராது. ஆனால் ஒருமுறை மாற்றினால் எப்போதும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் எப்போதும் மாற்றக்கூடாது. மேலே ஏறியதும் முழங்கால் இரண்டும் நேராக நிமிர வேண்டும். குதிகால் உட்பட முழுப் பாதமும் படியில் பதிய வேண்டும். கையால் தொடையை அழுத்துவதும் சுவரைப் பிடிப்பதும் கூடாது, அது இதயத்தின் வேலையைக் கையிடம் கொடுப்பது.

கூட இருப்பவர் சுற்றுகளை எண்ணட்டும். மூன்று நிமிட முடிவில் 72 வர வேண்டும். 69, 70 என்று வந்தால் தாளத்தைவிட்டுப் பின்தங்கிவிட்டீர்கள். அன்றைய எண்ணுக்கு மதிப்பில்லை.

## நாடி

பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். சோதனை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே, தினமும் காலையில் உட்கார்ந்து நாடியை எண்ணிப் பழகுங்கள். உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்க எலும்புக்கும் நடுவிலுள்ள தசைநாணுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். கட்டைவிரலால் தொடாதீர்கள். அதற்கே ஒரு துடிப்பு உண்டு, அதையும் சேர்த்து எண்ணிவிடுவீர்கள்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் காலை ஆறரைக்குக் கை சில்லிட்டிருக்கும்; மணிக்கட்டில் நாடி கிடைக்காது. முன்னதாகக் கையை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டால் எளிதில் அகப்படும். கழுத்தில் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு பக்கம் மட்டும், இறகு தொடுவதுபோல் தொட வேண்டும். கழுத்து நாடியை அழுத்தினால் அங்குள்ள அழுத்த உணர்விகள் தூண்டப்பட்டு இதயத்துடிப்பே குறைந்துவிடும். உங்கள் எண்ணும் பொய்யாகக் குறையும்.

கொரோனா காலத்தில் பலரும் வாங்கிவைத்த விரல் ஆக்ஸிமீட்டரை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். குளிர்ந்த விரலில் அது தடுமாறும். மேலும் அது காட்டுவது கடந்த சில துடிப்புகளின் சராசரி. நமக்கு வேண்டியதோ ஒரு முழு நிமிடத்தின் கூட்டு. விரலால் எண்ணுவதே போதும்.

நேரத்தை இப்படி ஓட்டுங்கள். ஸ்டாப் வாட்ச் ஒன்றையே தொடக்கத்திலிருந்து ஓடவிடுங்கள். 3:00 ஆனதும் நிறுத்தி, பின்னால் தயாராகப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்காருங்கள். விரலை நாடியில் வையுங்கள். 3:05-இல் எண்ணத் தொடங்கி 4:05-இல் நிறுத்துங்கள். 3:05-க்கு ஒத்துவரும் துடிப்பைப் பூஜ்யம் என்று எண்ணி, அடுத்ததை ஒன்று என்று வையுங்கள். இடையில் பேசக்கூடாது. அந்த ஐந்து நொடியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் துடிப்பு விழத் தொடங்கும் நேரம் அதுதான். விரலுக்கு நாடி அகப்படாமல் பதினைந்து, இருபது நொடி தேடிவிட்டு எண்ணினால் உயரத்திலிருந்த துடிப்புகளெல்லாம் போய்விட்டிருக்கும். எண் பல துடிப்புகள் குறைவாக வரும்.

பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவதை நான் ஏற்பதில்லை. ஒரு துடிப்பு தவறினால் நான்கு துடிப்புத் தவறாகும். நாம் தேடும் மாற்றமே சில துடிப்புகள்தான்.

எண்ணி முடித்ததும் சட்டென்று எழாதீர்கள். காலில் இரத்தம் தேங்கியிருக்கும், தலை கிறுகிறுக்கலாம். இன்னும் ஒரு நிமிடம் இருந்து, பிறகு அறைக்குள் மெல்ல நடங்கள்.

## ஒரே நிலைமை

சோதனைக்கு என் பரிந்துரை ஞாயிற்றுக்கிழமை காலை, எழுந்து அரை மணி கழித்து, தேநீருக்கு முன், வெறும் வயிற்றில். ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கலாம். காலைத் தேநீர் இல்லாமல் முடியாது என்பவர்கள் ஒவ்வொரு முறையும் அதே அளவு குடித்து, அதே இடைவெளி விட்டுச் செய்யட்டும். தொடங்குமுன் ஐந்து நிமிடம் நாற்காலியில் சும்மா இருங்கள். அந்த ஓய்வு நாடியையும் எண்ணி எழுதுங்கள். வழக்கத்தைவிட அது மிகவும் உயர்ந்திருந்தால் தூக்கம் கெட்டிருக்கலாம், காய்ச்சல் வரப்போகலாம். அன்று சோதனையைத் தள்ளிப்போடுங்கள். மாதவிடாய் சுழற்சியின் பின்பாதியில் ஓய்வு நாடி சில துடிப்புகள் கூடுவது இயல்பு என்பதால், பெண்கள் நோட்டில் சுழற்சி நாளையும் குறித்துவைப்பது பின்னால் உதவும்.

## முதலில் உங்கள் ஊசலாட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். உடலில் எந்த மாற்றமும் இல்லாமலே இந்த எண் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். எவ்வளவு ஏறி இறங்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதை முதலிலேயே அளந்துகொள்ளாவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு சிறு இறக்கமும் முன்னேற்றமாகத் தெரியும், ஒவ்வொரு சிறு ஏற்றமும் கவலையாகத் தெரியும்.

முதல் சோதனையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தாளத்துக்குக் கால் பழகாததாலும் பதற்றத்தாலும் அது பெரும்பாலும் கூடுதலாகவே வரும். அதன்பின் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை, நாள் இடைவெளி விட்டு, ஒரே நிலைமையில் செய்யுங்கள். மூன்றின் சராசரி உங்கள் தொடக்க எண். மூன்றில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் ஊசலாட்டம். அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். அடுத்தடுத்த இரண்டு சோதனைகளின் சராசரி, தொடக்க எண்ணிலிருந்து ஊசலாட்டத்தைவிட அதிகமாக விலகினால் மட்டுமே ஏதோ மாறியிருக்கிறது என்று சொல்லலாம். மூன்று அளவு என்பது தோராயமான கணக்குத்தான், ஆனால் வீட்டுக்கு இது போதும்.

## ஓர் அக்காவின் நோட்டு

எங்கள் ஊரில், கோத்தகிரிக்குச் சற்றுக் கீழே, நாற்பத்தேழு வயது அக்கா ஒருவர் ஜனவரியில் தொடங்கினார். தேயிலை ஆலை அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. படி 8 அங்குலம். பழகும் நாளில் 126 வந்தது, அதை அடித்துவிட்டோம். அடுத்த மூன்று சோதனைகள் 118, 113, 116. சராசரி 116, ஊசலாட்டம் 5. ஆக, இரண்டு சோதனைகளின் சராசரி 111-க்குக் கீழே இறங்கும்வரை எதையும் சொல்லக்கூடாது என்று பேசிக்கொண்டோம். பயிற்சி என்று அவர் செய்தது வாரத்தில் ஐந்து நாள், வேலை முடிந்து ஆலையிலிருந்து வீடுவரை ஏற்றத்தில் நாற்பது நிமிட நடை. அவ்வளவுதான்.

பிப்ரவரியில் 117, 114.

"தம்பி, ரெண்டு வாரத்துல மூணு குறைஞ்சிருச்சு, பாத்தியா?" என்றார்.

"அக்கா, உங்க ஊசலாட்டமே அஞ்சு. மூணை இப்ப எடுத்துக்காதீங்க."

அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் விடாமல் நடந்தார். மார்ச்சில் 113, 111. சராசரி 112, இன்னும் கோட்டுக்கு மேலேதான். ஏப்ரலில் 110, 107. சராசரி 108.5. அன்றைக்குத்தான் நோட்டில் ஏப்ரல் வரிக்கு அடியில் அவரே ஒரு கோடு போட்டுக்கொண்டார். நடை தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது.

மே மாதம் மூன்று வாரம் திருப்பூரில் மகள் வீட்டில் இருந்தார். அங்கே ஒரு மாலையில் அதே உயரப் படியில் செய்து பார்த்து, 112 வந்ததென்று கவலையோடு போன் செய்தார். அந்த எண்ணை நோட்டில் ஏற்றவே முடியாது. கீழே காற்று அடர்த்தி, அதனால் துடிப்பு குறைய வேண்டும். மே மாத வெக்கையில் இதயம் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது, அதனால் துடிப்பு கூட வேண்டும். இரண்டும் எதிரெதிராக இழுக்கும்போது 112 எதனால் வந்தது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஊர் திரும்பிய முதல் ஞாயிறு 115. மூன்று வாரம் நடை நின்றதா, மறுபடி மேலேறியதா, பஸ் பயணக் களைப்பா என்று தெரியாததால் அதையும் வட்டம் போட்டு ஒதுக்கினோம். மலை ஏறித் திரும்பினால் இரண்டு வாரம் கழித்தே சோதனை செய்ய வேண்டும் என்பதை அதன்பின் வழக்கமாக்கிக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்து 109.

ஜூன் கடைசியில் சளிக்காய்ச்சல். காய்ச்சல் விட்டு நான்கு நாளில் பொறுக்காமல் செய்து பார்த்தார்: 121. இரண்டு வாரத்தில் 113, மேலும் இரண்டு வாரத்தில் 108. உடம்பு தேறிவிட்டது என்று அவர் நினைத்ததற்கும் உண்மையில் தேறியதற்கும் இடையில் இருந்த நாட்களை இந்த மூன்று எண்கள் அப்படியே காட்டுகின்றன. ஆகஸ்டில் 104, 103. செப்டம்பரில் 105, 103. தொடக்கத்திலிருந்து பன்னிரண்டு துடிப்பு இறக்கம், ஊசலாட்டம் ஐந்து. இதை நம்பலாம்.

## ஏமாற்றும் எண்கள்

எண் கூடினால் எல்லோரும் காரணம் தேடுவார்கள்: தூக்கம் இல்லை, தேநீர் குடித்துவிட்டேன், யாரோ பேச்சுக் கொடுத்தார்கள். எண் குறைந்தால் யாரும் தேடுவதில்லை, அப்படியே நம்பிவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சோதனையில் செய்முறைப் பிழைகளில் பெரும்பாலானவை எண்ணைக் குறைப்பவை. தாளம் தளர்வது, முழங்கால் நிமிராமல் பாதி எழுந்து இறங்குவது, சுவரைப் பிடிப்பது, எண்ணத் தாமதிப்பது, கழுத்தை அழுத்துவது, எல்லாமே உங்களைத் திறமைசாலியாகக் காட்டும். எண் திடீரென்று அழகாகக் குறைந்த நாளில்தான் 72 சுற்று வந்ததா, 3:05-க்குத் தொடங்கினோமா என்று சரிபார்க்க வேண்டும். மூன்று நாள் கழித்து மறுபடி செய்து பாருங்கள்.

மாத்திரையும் எண்ணை மாற்றும். எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவருக்கு 112-இல் இருந்த எண் அடுத்த சோதனையிலேயே 94 ஆனது. கேட்டால், இடையில் இரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் தொடங்கியிருக்கிறார். அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரைகள் இதயத்துடிப்பை நேரடியாகக் குறைப்பவை. அந்த இறக்கத்துக்கும் உடல்திறனுக்கும் தொடர்பில்லை. மாத்திரை தொடங்கினாலோ அளவு மாறினாலோ நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, தொடக்க எண்ணையும் ஊசலாட்டத்தையும் மறுபடி எடுக்க வேண்டும். சோதனைக்காக மாத்திரையை நிறுத்தவே கூடாது.

எதிர்த்திசையிலும் ஒன்று. காய்ச்சல் இல்லை, பயணம் இல்லை, நடையும் நிற்கவில்லை, ஆனாலும் தொடர்ந்து மூன்று சோதனைகளில் எண் ஊசலாட்டத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இரத்தசோகையில் இரத்தம் சுமக்கும் பிராணவாயு குறைவதால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. தைராய்டு மிகையானாலும் துடிப்பு கூடும். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். காரணம் இதுதான் என்று இந்தச் சோதனை சொல்லாது. எண்கள் ஏறிய தேதிகளை மருத்துவருக்குக் காட்டும், அவ்வளவே.

எடை மாற்றத்தையும் மாதம் ஒருமுறை குறித்துவையுங்கள். படியில் தூக்குவது உங்கள் உடம்பைத்தான். நான்கைந்து கிலோ குறைந்தால் வேலையே குறைகிறது, எண் இறங்கியதில் ஒரு பங்கு அதனுடையது. அது நல்லதுதான், ஆனால் முழுவதும் நடையின் பலன் என்று எழுதக்கூடாது.

## எண் நின்றுவிட்டால்

பல மாதத்துக்குப் பிறகு எண் ஓரிடத்தில் நின்றுவிடும். அக்காவுக்கு 103, 104-லேயே நிற்கிறது. அதே நடையை அதே வேகத்தில் செய்தால் உடல் அதற்குமேல் மாறக் காரணமில்லை. நடையின் ஏற்றத்தையோ வேகத்தையோ கூட்டினால் மறுபடி நகரும். கூட்ட விருப்பமில்லாதவர்களுக்கு நின்ற எண்ணும் பயனுள்ளதே: வழக்கம் தளரும்போது முதலில் அது ஏறும்.

8 அங்குலப் படி மிகவும் இலகுவாகிவிட்டது, மூன்று நிமிடமும் சாதாரணமாகப் பேசிக்கொண்டே ஏற முடிகிறது என்றால் 12 அங்குலத்துக்குப் போகலாம். சட்டென்று மாறாதீர்கள், இரண்டு தொடரும் ஒட்டாமல் போய்விடும். ஒரு மாதத்துக்கு ஞாயிறு பழைய படியிலும் புதன் புதிய படியிலும் செய்யுங்கள். புதிய படியில் முதல் நாளை விட்டுவிட்டு அடுத்த மூன்றைக் கொண்டு புதிய தொடக்க எண்ணும் ஊசலாட்டமும் எடுங்கள். எண் கணிசமாக உயர்ந்து தெரியும், வேலை கூடியதால் வந்தது அது. பழைய பக்கத்தின் கடைசி வரியில் அந்த மாதத்தின் 8 அங்குலச் சராசரியையும், புதிய பக்கத்தின் முதல் வரியில் 12 அங்குலச் சராசரியையும், இரண்டிலும் படியின் உயரத்தையும் தேதியையும் எழுதிவிட்டு, மேலே வைத்த 4 அங்குலக் கற்களை அப்படியே விட்டுவிடலாம்.